மூன்று ஏக்கரில் எவ்வளவு மனை?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தம் குடும்பத்துக் காணியைப் பிரித்து விற்க எண்ணினார். நில அளவையாளர் வரைந்து கொடுத்த படத்தை அவர் காட்டியபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது வீதியின் அகலம்தான். 20 அடி. தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்தில் இப்போது மனை வாங்க வருகிறவர் காரிலிருந்து இறங்கும்போதே கேட்கும் கேள்வி, "முப்பது அடி ரோடு இருக்கா?" என்பது. நண்பரோ, "இருபது அடி தாராளம், எங்கட ஊரில ஒழுங்கை எல்லாம் பத்து அடிதானே" என்றார். இருவரும் உட்கார்ந்து ஒரே நிலத்தை இரண்டு நாட்டு முறையிலும் பிரித்துப் பார்த்தோம். அந்தக் கணக்கு எனக்குப் பல விஷயங்களைத் தெளிவாக்கியது.

நிலத்தைத் துண்டு போடுகிறவருக்கு அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். வாங்கிய மொத்த நிலத்தில் சாலைக்கும் பூங்காவுக்கும் போனது போக, பத்திரம் எழுதி விற்கக்கூடியது எவ்வளவு மிஞ்சும்? தமிழ்நாட்டில் சதுர அடியிலும் சென்ட்டிலும் பேசுவார்கள். இலங்கையில் பேர்ச். யாழ்ப்பாணத்தில் பரப்பு. ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட், 160 பேர்ச், 16 பரப்பு. அளவு எதுவானாலும் நிலம் ஒன்றுதான்.

இரு நாட்டு விதிகளும் ஓர் இடத்தில் ஒன்றாக இருக்கின்றன. பொதுத் திறந்தவெளிக்குப் பத்து விழுக்காடு விட வேண்டும், அதுவும் சாலைகளைக் கழித்த பின் மிஞ்சும் பரப்பில் பத்து விழுக்காடு. தமிழ்நாட்டில் இதற்கு ஓ.எஸ்.ஆர். என்று பெயர். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதைச் சொல்கின்றன. அதற்கு முன்பிருந்த சென்னைப் பெருநகர விதிகளும் இதையே சொல்லின. இலங்கையில் நகர அபிவிருத்தி அதிகார சபை, அதாவது யூ.டி.ஏ., 1986-இல் வெளியிட்ட திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் இதை விதித்தன. வீதிகள் தவிர்ந்த காணியில் பத்து விழுக்காட்டைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அந்த விதி. 2021-இல் அங்கே புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. ஆனால் இன்று நாம் காணும் பெரும்பாலான காணிப் பிரிப்புகள் அந்தப் பழைய விதியின் நிழலில் உருவானவை. அதனால் அதையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

சாலையைக் கழித்த பிறகு பத்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் மொத்தத்தில் பத்து என்றே நினைத்துக் கொள்கிறார்கள். சாலை அகலமாக அகலமாகப் பூங்கா சிறுத்துக்கொண்டே போகும் என்பது அதனால் அவர்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது கணக்குக்காக ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். பொதுச் சாலையை ஒட்டி 82 மீட்டர் முகப்பு, உள்ளே 148 மீட்டர் ஆழம். பரப்பு 12,136 சதுர மீட்டர், ஏறத்தாழ 3 ஏக்கர். இலங்கைக் கணக்கில் 480 பேர்ச், 48 பரப்பு. இரண்டு நாட்டிலும் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் என்பதற்காகவே இந்த அளவைத் தேர்ந்தோம். காரணம் பின்னால் வரும்.

தமிழ்நாட்டு முறையில் முதலில் பிரித்தேன். பொதுச் சாலையிலிருந்து உள்ளே 9 மீட்டர் அகலத்தில் இணையான இரண்டு சாலைகள் போகின்றன. சிறு தெருக்களுக்கு இதைவிடக் குறைந்த அகலத்துக்கும் விதியில் இடம் உண்டு. ஆனால் சந்தையில் முப்பது அடிச் சாலைதான் விலை போகிறது. கடைசியில் முட்டுச்சந்தாக விடாமல், இரண்டையும் 9 மீட்டரில் ஒரு குறுக்குச் சாலை இணைக்கிறது. மிஞ்சுவது நான்கு வரிசை மனைகள். ஒவ்வொரு வரிசையின் ஆழமும் 16 மீட்டர்.

நீளச் சாலைகள் இரண்டும் சேர்ந்து 2,664 சதுர மீட்டர். குறுக்குச் சாலை 288. மொத்தம் 2,952. நிலத்தில் 24 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இப்படிப் போய்விட்டது. மீதி 9,184. இதில் பத்து விழுக்காடு பூங்கா, 918 சதுர மீட்டர். நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் பொதுப்பயனுக்கு இன்னொரு விழுக்காடும் தர வேண்டும். அதில் பாதி உள்ளாட்சிக்கு, பாதி மின்மாற்றி போன்றவற்றை வைக்க மின்வாரியத்துக்கு. அது 92. எல்லாம் போக விற்பனைக்கு 8,174 சதுர மீட்டர், சுமார் 88,000 சதுர அடி. நூற்றுக்கு 67 பங்கு.

அந்த 67 பங்கும் ஒரே விலைக்குப் போகாது. பெரிய மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டை நலிவுற்றோருக்கான சிறு மனைகளாகப் பிரிக்க வேண்டும். விற்கலாம், ஆனால் சிறிய அளவில். நிலத்துக்கு முன்னால் இருக்கும் பொதுச் சாலையை அகலப்படுத்தும் திட்டம் இருந்தால் அதற்கும் ஒரு பட்டை விட வேண்டும். முகப்பில் 2 மீட்டர் விட்டாலே 164 சதுர மீட்டர் காலி. சாலை முனைகளில் வண்டி திரும்ப மூலையை வெட்டி விடுவதும் உண்டு. அதனால் நடைமுறையில் 65-ஐ ஒட்டி எதிர்பார்ப்பது பத்திரமான கணக்கு.

அடுத்து நண்பர் பென்சிலை வாங்கிக்கொண்டார். இலங்கை முறையில் ஒரு வீதி எத்தனை துண்டுகளுக்கு வழி கொடுக்கிறது என்பதை வைத்தே அதன் அகலம் தீர்மானமாகிறது. நாலைந்து துண்டுகளுக்கு மட்டும் போகும் ஒழுங்கை குறுகலாக இருக்கலாம். துண்டுகள் கூடக் கூட அகலமும் கூட வேண்டும். ஆகவே அங்கே அளவையாளரின் திறமை எல்லாம், எந்த ஒரு வீதியிலும் துண்டுகள் மிகுந்துவிடாமல் பங்கிடுவதில் இருக்கிறது. நண்பரும் அதையே செய்தார். இரண்டு வீதிகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர், அதாவது 20 அடி. இரண்டையும் இணைக்கவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் வாகனம் திரும்ப இடம் விட்டார். வரிசை நான்கு, ஆழம் 17.5 மீட்டர்.

வீதிக்குப் போனது 1,776 சதுர மீட்டர். திரும்பும் இடங்களையும் சேர்த்து 1,900 என்று வைத்துக்கொண்டோம். நூற்றுக்குப் பதினாறு கூட ஆகவில்லை. மீதி 10,236. அதில் பத்து விழுக்காடு 1,024 சதுர மீட்டர், ஏறத்தாழ 40 பேர்ச். விற்பனைக்கு 9,212 சதுர மீட்டர், 364 பேர்ச். நூற்றுக்கு 76 பங்கு. பத்துப் பேர்ச் துண்டுகளாகப் போட்டால் 40 துண்டுகள் வந்திருக்கும். அதில் நாலு துண்டுக்கான இடம் பொதுத் தேவைக்குப் போக 36 துண்டுகள் விற்கலாம்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தபோது ஒன்று என்னை நிறுத்தியது. விற்பனை நிலம் கூடுதலாக வரும் இலங்கைப் படத்தில் பூங்காவும் பெரிது. அங்கே 1,024, இங்கே 918. காரணம் முன்பு சொன்னதுதான், பத்து விழுக்காடு சாலை போன மிச்சத்தில் பிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் கணக்கில் சாலை 100 சதுர மீட்டர் கூடினால் பூங்காவில் 10 குறையும், பொதுப்பயனில் 1 குறையும், மனையில் 89 குறையும். அகலச் சாலையின் செலவை விற்கிறவர் மட்டும் சுமக்கவில்லை, பூங்காவும் சுமக்கிறது.

விலையில் இது எப்படி இறங்குகிறது? மொத்த நிலத்தை ஒரு சதுர அடி நூறு ரூபாய்க்கு வாங்கியதாக வைப்போம். 67.4 விழுக்காடுதான் விற்க முடியும் என்றால் விற்கும் ஒவ்வொரு சதுர அடியும் நிலத்துக்காக மட்டுமே 148 ரூபாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 76 விழுக்காடு விற்க முடிந்தால் அது 132 ரூபாய். சாலை போடும் செலவு, மண் நிரப்புவது, அனுமதிக் கட்டணம், வட்டி எல்லாம் இதற்கு மேல். தமிழ்நாட்டில் மனை வாங்குகிறவர் தன் மனைக்கு மட்டும் பணம் தரவில்லை, தன் வீட்டுக்கு முன் போகும் சாலைக்கும் எதிரிலுள்ள பூங்காவுக்கும் சேர்த்தே தந்திருக்கிறார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பூங்கா என்றால் புரோமோட்டர் கொடுத்த தானம் என்றும், அரசாங்க நிலம் என்றும் பலர் நினைக்கிறார்கள். அதன் விலை நம் பத்திரத்தின் தொகைக்குள் இருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இலங்கை முறையே மேல் என்று தோன்றும். மனை கூடுதல், பூங்கா பெரிது, சாலை போதுமான அளவு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, எல்லை அளவு. 1986 விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால்தான் பத்து விழுக்காடு கட்டாயம். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நாங்கள் கணக்குப் போட்ட நிலத்தையே நடுவில் கோடு கிழித்து, அண்ணன் பெயரில் ஒரு பாதி, தம்பி பெயரில் ஒரு பாதி என்று தலா 6,068 சதுர மீட்டராக்கித் தனித்தனிப் படமாகப் போட்டால், இரண்டும் எல்லைக்குக் கீழே போய்விடும். 40 பேர்ச் பொது இடம் மறைந்து நாலு துண்டுகள் விற்பனைக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் காணிகள் தலைமுறை தலைமுறையாகச் சீதனமாகவும் பங்காகவும் சிறுத்து வந்தவை. ஏமாற்றும் எண்ணமே இல்லாமலும் பெரும்பாலான காணிகள் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். விதி புத்தகத்தில் இருக்கும், ஊரில் திறந்தவெளி இருக்காது.

தமிழ்நாட்டு விதி இதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. 3,000 சதுர மீட்டர் வரை ஒன்றும் இல்லை. 3,000 முதல் 10,000 வரை பத்து விழுக்காடு விட வேண்டும், நிலத்தில் அதற்கு இடம் அமையாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் நிலமாகவே தர வேண்டும், பணம் கிடையாது. ஓர் ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர் பிரிக்கிறவர் சாலைக்கு 1,000 விட்டால்கூட, 300 சதுர மீட்டர் அளவுக்குப் பொது இடமோ அதற்கான பணமோ தந்தாக வேண்டும். இலங்கையில் அதே ஓர் ஏக்கருக்கு 1986 விதி எதுவும் கேட்கவில்லை. ஆனால் பணம் கட்டும் வழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கட்டிய பணம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானமாகத் திரும்பி வருவதில்லை. இரண்டு ஏக்கர் மனைப்பிரிவுகள் வரிசையாகப் பணம் கட்டிவிட்டு நிற்கும் ஊர்ப்புறத்தில் ஒரு மரத்தடிகூட மிஞ்சாது.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. சாலையும் பூங்காவும் கடைசியில் யார் பெயரில் இருக்கின்றன?

தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சி அமைப்புக்குப் பதிவுசெய்த தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் வந்த பிறகே ஒப்புதல் எண் போட்ட வரைபடம் கையில் கிடைக்கும். நிலத்தை இலவசமாகப் பறிப்பது இது என்று கட்டுமானத் துறையினர் நெடுங்காலம் வாதாடினார்கள். வசந்த் அடுக்ககச் சங்க வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பத்து விழுக்காட்டைத் தானமாகப் பெறும் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. என் பார்வையில் அது சரியான தீர்ப்பு. நூறு குடும்பங்களைக் கொண்டுவந்து ஓரிடத்தில் குடியேற்றுகிறவர், அவர்கள் மூச்சுவிட இடம் தருவது அந்தத் தொழிலின் செலவுதான்.

இலங்கையில் வீதிக்கு வேறொரு பழக்கம். அளவையாளரின் படத்தில் வீதியும் ஒரு துண்டுதான். அதற்கும் தனி எண் உண்டு, "வீதிக்கான ஒதுக்கம்" என்று குறித்திருப்பார். துண்டு வாங்குகிறவருக்கு நொத்தாரிசு எழுதும் உறுதியின் அட்டவணையில் முதலில் அவருடைய துண்டு, அடுத்து அந்த வீதித் துண்டின் மேல் அவருக்குள்ள வழியுரிமை. யாழ்ப்பாண உறுதிகளில் வழியோடு கிணற்றுப் பங்கும் வாய்க்காலும்கூட வரும். அழகான பழக்கம் இது. பொதுவானதைப் பங்காளிகளே காக்கும் ஊரில் உருவானது. ஆனால் நாற்பது குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து வாங்கும் இடத்தில் அது தடுமாறுகிறது. வழியுரிமை எல்லோருக்கும் இருக்கும், வீதித் துண்டின் உரித்தோ பழைய காணிக்காரரின் பெயரிலேயே நிற்கும். பிரதேச சபை பொறுப்பேற்காத வீதியில் தார் போடச் சொல்லிக் கேட்டால், அது தனியார் வீதி என்ற பதில்தான் வரும். நண்பரின் ஒழுங்கையில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. யாரிடம் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல நான் வரவில்லை. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பூங்காவே விடாமல், குறுகிய சாலைகளோடு விற்ற மனைப்பிரிவுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பூங்காவும் இல்லை, சாலையும் ஒடுக்கம் என்றால் எண்பது விழுக்காட்டுக்கு மேல் விற்கலாம் என்ற ஆசைதான் அதற்கெல்லாம் வேர். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தது. அதன் பிறகு 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு ஒரு வழி செய்தது. பத்திரத்தைச் சரிசெய்துவிடலாம். விற்றுப்போன மனைகளுக்கு நடுவே பூங்காவை மட்டும் யாராலும் உண்டாக்க முடியவில்லை.

ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவிலும் பூங்காவின் இடத்தைப் பாருங்கள். விலை போகாத மூலை, தண்ணீர் தேங்கும் பள்ளம், உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே உள்ள பட்டை என்று எது மனையாக விற்காதோ அது பூங்கா ஆகும். பணத்துக்குப் பதில் நிலமாகத் தரும்போது குறைந்தது 10 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதி கேட்பது இதைத் தடுக்கத்தான். அந்த அளவு இல்லையென்றால் 918 சதுர மீட்டரை 148 மீட்டர் நீளத்துக்கு ஆறு மீட்டர் பட்டையாக இழுத்துவிட்டு, இதுதான் பூங்கா என்று சொல்லிவிடுவார்கள். அதில் பிள்ளைகள் பந்து விளையாட முடியாது.

நண்பரின் காணி விஷயத்துக்கு வருகிறேன். அவருடையது ஒரு ஹெக்டேருக்குக் குறைவு, 1986 விதி எதுவும் கேட்கவில்லை. நான் அவரிடம் இரண்டே இரண்டு காரியம் சொன்னேன். வீதியை 20 அடியிலேயே வையுங்கள், ஆனால் வீதித் துண்டை விற்பனை முடிவதற்கு முன்பே பிரதேச சபைக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிணறு இருக்கும் துண்டைச் சுற்றி இரண்டு பரப்பையாவது விற்காமல் பொதுவாக விடுங்கள். முதல் யோசனையை உடனே ஏற்றுக்கொண்டார். இரண்டாவதற்கு, "அக்காவிட்டக் கேக்க வேணும்" என்றார்.

என் விருப்பத்தைச் சொல்வதானால், இலங்கையின் அளவான வீதியும் தமிழ்நாட்டின் தானப் பத்திரமும் ஒன்றாக வர வேண்டும். ஐம்பது வீடுகள் உள்ள உட்தெருவுக்கு எல்லாப் பக்கமும் 9 மீட்டர் தேவையில்லை. அந்த மிச்சத்தில் மனையும் கூடும், பூங்காவும் கூடும். ஆனால் ஒரு ஹெக்டேர் என்ற 1986 எல்லை அளவு மிக உயரம். ஓர் ஏக்கர் அளவிலேயே பொது இடம் கட்டாயமாக வேண்டும்.

அது நடக்கும்வரை வாங்குகிறவர்தான் விழித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மனை பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் மனை எண்ணுக்கு மட்டும் வில்லங்கச் சான்று எடுத்து நிறுத்தாதீர்கள். அந்தச் சர்வே எண் முழுவதுக்கும் எடுங்கள். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் அதில் வர வேண்டும். ஒப்புதல் படத்தில் பூங்கா எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். அங்கே மனைக்கல் நட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இலங்கையில் என்றால், உறுதியின் அட்டவணையில் வீதித் துண்டின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் காணிக்கு வழி எழுதப்படவில்லை. பிறகு காணிப் பதிவகத்தில் அந்த வீதித் துண்டும் பொது ஒதுக்கமும் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று தேடுங்கள். முற்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.